கியூ-லேர்னிங்கா, பாலிசி கிரேடியன்ட்டா? கார்ட்போல் ஆட்டத்தை வைத்துச் சில கேள்வி-பதில்கள்

ரெண்டுமே ஆடக் கற்றுக்கொள்ளும் முறைதானே, அடிப்படையில் என்ன வித்தியாசம்?

கியூ-லேர்னிங் விலை போடுகிறது. "இந்த நிலையில் இடப்பக்கம் தள்ளினால் இனி மொத்தம் எவ்வளவு கிடைக்கும், வலப்பக்கம் தள்ளினால் எவ்வளவு?" என்று ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண்ணைக் கற்கிறது. ஆடும்போது எந்த எண் பெரியதோ அதைச் செய்கிறது. அதற்கென்று தனியாக ஓர் ஆட்டமுறை கிடையாது, விலைப்பட்டியல்தான் எல்லாம்.

பாலிசி கிரேடியன்ட்டுக்கு விலையே வேண்டாம். "இந்த நிலையில் வலப்பக்கம் தள்ள 55 சதவீத வாய்ப்பு" என்று ஆட்டமுறையையே நெட்வொர்க்கில் வைத்துக்கொள்கிறது. ஆடிப் பார்த்து, நன்றாகப் போன ஆட்டத்தில் செய்தவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது, சொதப்பிய ஆட்டத்தில் செய்தவற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது.

முதலாவதை கிறிஸ் வாட்கின்ஸ் 1989-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தார். இரண்டாவதன் எளிய வடிவமான ரீஇன்ஃபோர்ஸ், ரொனால்ட் வில்லியம்ஸ் 1992-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. கியூ-லேர்னிங்கோடு ஆழ்நெட்வொர்க்கைச் சேர்த்து அட்டாரி ஆட்டங்களை டீப்மைண்ட் ஆடவைத்தபோது கிடைத்த பெயர்தான் டிகியூஎன்.

கார்ட்போல் என்பது என்ன ஆட்டம்?

ஒரு சின்ன வண்டி, அதன் மேல் கீல் போட்டு நிறுத்திய ஒரு கம்பு. உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிற்கவைத்து விளையாடுவோமே, அதேதான். ஆனால் கை ஒரே கோட்டில் இடமும் வலமும் மட்டும்தான் போகலாம். பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் மூவரும் 1983-இல் எழுதிய கட்டுரையில் வந்த சிக்கலை அடியொற்றிய ஆட்டம் இது. இன்று ஜிம்னேசியம் நூலகத்தில் `CartPole-v1` என்று கூப்பிட்டால் கிடைக்கும்.

நெட்வொர்க்குக்குத் தெரிவது நான்கே எண்கள்: வண்டியின் இடம், அதன் வேகம், கம்பின் சாய்வு, சாய்கிற வேகம். செய்யக்கூடியது இரண்டு: 0 என்றால் இடப்பக்கம் தள்ளு, 1 என்றால் வலப்பக்கம். சும்மா இருக்க முடியாது. கம்பு விழாமல் இருக்கும் ஒவ்வொரு படிக்கும் பரிசு +1. கம்பு 12 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலோ, வண்டி நடுவிலிருந்து 2.4 அலகைத் தாண்டினாலோ ஆட்டம் முடிந்தது. 500 படி தாக்குப்பிடித்தால் நேரம் முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு படி 0.02 விநாடி, ஆக முழு ஆட்டம் 10 விநாடி.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். கண்மூடித்தனமாகத் தள்ளினால் சராசரியாக 20 படிக்குச் சற்று மேல் நிற்கும். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் 9 அல்லது 10 படியில் விழுந்துவிடும்.

ஒரே ஒரு தள்ளலை எடுத்து, அதிலிருந்து இரண்டும் எப்படிக் கற்கின்றன என்று காட்ட முடியுமா?

சரி, கம்பு வலப்பக்கம் 0.10 ரேடியன் சாய்ந்திருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 5.7 டிகிரி. இன்னும் வலப்பக்கமாகவே சாய்ந்துகொண்டிருக்கிறது. வண்டியை வலப்பக்கம் தள்ளி, கம்பின் அடியை அதன் தலைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆனால் நம் ஆட்டக்காரர் இடப்பக்கம் தள்ளிவிட்டார். அந்தத் தள்ளலையும் சேர்த்து எட்டே படிகளில் கம்பு விழுந்தது. கற்றலின் தொடக்கத்தில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழே நெட்வொர்க் சொல்லும் மதிப்புகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. ஒவ்வொரு படி தள்ளிக் கிடைக்கும் பரிசையும் எவ்வளவு குறைத்து மதிப்பது என்று சொல்லும் காமா 0.99.

கியூ-லேர்னிங்கைப் பார்ப்போம். இந்த நிலைக்கு நெட்வொர்க் போட்டிருக்கும் விலை இடப்பக்கத்துக்கு 11, வலப்பக்கத்துக்கு 12. பெரியது வலம்தான், ஆனாலும் எப்போதாவது வேண்டுமென்றே கண்மூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு, அப்படி வந்தது இடம். தள்ளியதும் +1 கிடைத்தது, கம்பு இன்னும் சாய்ந்த ஒரு புது நிலைக்குப் போனது. அந்தப் புது நிலைக்கு நெட்வொர்க் சொல்லும் பெரிய விலை 9. எனவே, இடப்பக்கத்தின் விலை 1 + 0.99 × 9 = 9.91 ஆக இருந்திருக்க வேண்டும். 11 என்று சொன்னோம், 1.09 அதிகம். அதைக் கொஞ்சம் இறக்கு. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பு விழும்வரை அது காத்திருக்கவே இல்லை. அடுத்த நிலையைப் பற்றித் தன்னுடைய சொந்த மதிப்பீட்டையே நம்பி, அதைக் கொண்டு இந்த நிலையைத் திருத்திக்கொண்டது. விழுந்தது என்ற உண்மைச் செய்தி கடைசிப் படிக்குத்தான் நேரடியாகத் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் கசிந்துதான் இந்த நிலைக்கு வந்துசேரும்.

பாலிசி கிரேடியன்ட் ஆட்டம் முடியும்வரை பேசாமல் இருக்கும். முடிந்ததும் இந்தத் தள்ளலில் தொடங்கி உண்மையில் கிடைத்ததைக் கூட்டும்: எட்டு படிகள், காமா போட்டுக் கூட்டினால் 7.73. இந்த நிலையிலிருந்து வழக்கமாக எவ்வளவு கிடைக்கும் என்று அது வைத்திருக்கும் கணக்கு 11.5. ஆக இந்த முறை 3.77 குறைவு. இடம் தள்ள அது வைத்திருந்த வாய்ப்பு 0.45. நெட்வொர்க் தரும் லாஜிட் என்ற எண்களை வாய்ப்புகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸின் வகைக்கெழுவைப் போட்டால், இடத்தின் லாஜிட்டுக்கு (1 − 0.45) × (−3.77) = −2.07, வலத்தின் லாஜிட்டுக்கு +2.07. இந்த எண்களைக் கற்றல் வேகத்தால் பெருக்கி, ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுகிறது.

கியூ-லேர்னிங் வலப்பக்கத்தின் விலைக்கு எந்தத் திருத்தமும் கேட்கவில்லை. பாலிசி கிரேடியன்ட்டில் ஒன்று இறங்கினால் மற்றது ஏறியே ஆக வேண்டும், வாய்ப்புகளின் கூட்டல் 1 என்பதால். இன்னொன்று: விழுந்ததற்குக் காரணம் உண்மையில் மூன்று படி கழித்து நடந்த வேறொரு தவறாகவும் இருக்கலாம். பாலிசி கிரேடியன்ட்டுக்கு அது தெரியாது, வழியில் நடந்த எல்லாவற்றின் மேலும் பழி போடும். பல ஆட்டங்களின் சராசரியில்தான் நிரபராதிகள் தப்பிப்பார்கள்.

எல்லாப் படிக்கும் +1 தானே கிடைக்கிறது, அப்புறம் பாலிசி கிரேடியன்ட் எதைத் தண்டிக்கும்?

மேலே 11.5 என்று ஒன்றைக் கழித்தோமே, அந்த பேஸ்லைன் இல்லாவிட்டால் எதையும் தண்டிக்காது. 7.73 ஒரு நேர்ம எண். அதை அப்படியே போட்டால், கம்பைக் கவிழ்த்த அந்த இடப்பக்கத் தள்ளலுக்கும் "சபாஷ்" என்றுதான் போகும். வலப்பக்கம் தள்ளிய ஆட்டங்களுக்கு 15, 20 என்று இன்னும் பெரிய சபாஷ் கிடைப்பதால், நீண்ட ஓட்டத்தில் வலம் ஜெயித்துவிடும். கணக்கு தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு திருத்தமும் தாறுமாறாக அலைபாயும். சராசரியைக் கழிப்பதால் போகும் திசை மாறுவதில்லை, அலைச்சல்தான் குறைகிறது.

```python
dist = Categorical(logits=policy(states))
adv = returns - values.detach()
loss = -(dist.log_prob(actions) * adv).mean()
```

`values` என்பது நிலையின் வழக்கமான மதிப்பைக் கற்கும் இன்னொரு சின்ன நெட்வொர்க். கவனித்தீர்களா, விலை போடும் வேலை பின்வாசல் வழியாக இங்கேயும் நுழைந்துவிட்டது. இதைத்தான் ஆக்டர்-கிரிட்டிக் குடும்பம் இன்னும் விரித்துக்கொண்டு போகிறது.

ரீப்ளே பஃபரை இரண்டுக்கும் போடலாமா?

ஆடிய துணுக்குகளைச் சேர்த்துவைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துக் கற்கும் கிடங்குதான் அது. டிகியூஎன்னுக்குப் போடலாம், போட வேண்டும். "இந்த நிலை, இந்தச் செயல், இந்தப் பரிசு, அடுத்த நிலை" என்ற துணுக்கை யார் ஆடிச் சேர்த்தார்கள் என்பது அதற்கு முக்கியமில்லை. இயற்பியல் மாறாதவரை போன வாரத்துத் துணுக்கும் செல்லும்.

எளிய பாலிசி கிரேடியன்ட்டுக்குக் கூடாது. அதன் சமன்பாடு "இப்போதைய ஆட்டமுறைப்படி ஆடினால்" என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. பழைய ஆட்டக்காரர் செய்ததை வைத்துப் புதிய ஆட்டக்காரரைத் திருத்தினால் திசையே தப்பும். ஆடு, ஒருமுறை திருத்து, தூக்கிப் போடு, இதுதான் முறை. அதனால் அதற்கு நிறைய ஆட்டங்கள் தேவைப்படும். கார்ட்போல் மடிக்கணினியில் மின்னல் வேகத்தில் ஓடும் என்பதால் இந்தச் செலவு தெரியாது. உண்மையான ரோபோவில் ஒவ்வொரு முறையும் கம்பை ஒருவர் எடுத்து நிறுத்த வேண்டும், அங்கே தெரியும். 2017-இல் வந்த பிபிஓ என்ற பாலிசி கிரேடியன்ட் முறை, ஒரே தரவை நாலைந்து முறை பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் தளர்த்துகிறது. ஆனால் ஆட்டமுறை ஓர் எல்லைக்கு மேல் விலகினால் திருத்தத்தை வெட்டிவிடுகிறது.

என் டிகியூஎன் 500 தொட்டுவிட்டு, அப்புறம் திடீரென்று 9-க்கு விழுகிறது. கோடில் பிழையா?

பிழை இல்லாமலும் இது நடக்கும். முதலில் 9 என்ற எண்ணைப் பாருங்கள். கண்மூடித்தனமான ஆட்டம்கூட 20 தரும். 9 என்றால் ஆட்டக்காரர் எந்த நிலையிலும் ஒரே பக்கம் தள்ளுகிறார் என்று பொருள். எல்லா நிலைக்கும் ஒரு செயலின் விலை இன்னொன்றைவிடத் துளி அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆகிறது? நன்றாக ஆடத் தெரிந்த ஆட்டக்காரருக்கு கம்பு நடுவில் நிமிர்ந்து நிற்கிறது. இப்போது இடம் தள்ளினாலும் பரவாயில்லை, அடுத்த படியில் சரிசெய்துகொள்ளலாம். வலம் தள்ளினாலும் அப்படியே. 500 படி வரம்பை மறந்துவிட்டால், இரண்டின் உண்மை விலையும் 1 + 0.99 + 0.99² + … = 100. சரியாக ஒன்றே! நெட்வொர்க் 98.7 என்றும் 98.9 என்றும் சொல்கிறது என்றால் அந்த 0.2 வெறும் இரைச்சல். எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பது உண்மையில் முக்கியமாவது கம்பு நன்றாகச் சாய்ந்த பிறகோ வண்டி ஓரத்துக்குப் போன பிறகோதான். ஆனால் நன்றாக ஆடும் ஆட்டக்காரரின் பஃபரில் நிமிர்ந்த கம்புகள்தான் மலைபோல் குவிகின்றன. சாய்ந்த கம்புகளின் துணுக்குகள் பழசாகி வெளியே தள்ளப்படுகின்றன. விளிம்பில் என்ன செய்வது என்பதை நெட்வொர்க் மறக்கிறது, ஒருநாள் விளிம்புக்குப் போய் விழுகிறது. நன்றாக ஆடுவதே அதற்கு வினையாகிறது.

பஃபரைப் பெரிதாக வைத்துப் பழைய தோல்விகளைக் கொஞ்ச காலம் காப்பாற்றுங்கள். கற்றல் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த நிலையின் விலையைச் சொல்லும் பழைய நகலான டார்கெட் நெட்வொர்க்கை அடிக்கடி புதுப்பிக்காதீர்கள். தன் வாலைத் தானே துரத்துவது கொஞ்சம் நிற்கும். அப்புறம், நல்ல மதிப்பெண் வந்த நேரத்து எடைகளைச் சேமித்துவையுங்கள். கடைசி எடைகள்தான் சிறந்தவை என்று டிகியூஎன்னில் நம்பக் கூடாது.

விலை 100-ஐத் தாண்டிப் போனால் அது வேறு நோய். இந்த ஆட்டத்தில் 100-க்கு மேல் எந்த விலையும் இருக்கவே முடியாது. 130, 200 என்று பார்த்தால், பெரியதைத் தேர்ந்தெடுக்கும் `max` இரைச்சலில் மேலே எகிறிய எண்ணையே திரும்பத் திரும்பப் பொறுக்குகிறது என்று பொருள். தேர்வுசெய்ய ஒரு நெட்வொர்க், விலை சொல்ல இன்னொன்று என்று பிரிக்கும் டபுள் டிகியூஎன் இதற்கான மருந்து. பயிற்சி ஓடும்போது மதிப்பெண்ணோடு சேர்த்து சராசரி விலையையும் அச்சிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

லாஸ் அழகாகப் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, ஆனால் ஆட்டம் தேறவே இல்லை. எப்படி?

இதில் நானே இரண்டு நாள் முடியைப் பிய்த்துக்கொண்டேன். டார்கெட் கணக்கிடும் வரியில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. சரியான வடிவம் இது:

```python
with torch.no_grad():
    q_next = target_net(s2).max(dim=1).values
    target = r + 0.99 * (1 - terminated) * q_next
```

`(1 - terminated)` என்பதை விட்டுவிட்டேன். அப்படி விட்டால், கம்பு விழுந்த பிறகும் எதிர்காலம் உண்டு என்று நெட்வொர்க் நம்புகிறது. எல்லாப் படிக்கும் பரிசு 1, எல்லாப் படிக்கும் அடுத்த நிலை உண்டு. Q = 1 + 0.99 Q, தீர்வு Q = 100. எல்லா நிலைக்கும், எல்லாச் செயலுக்கும் 100 என்று சொன்னால் பிழையே வராது! கம்பு தரையில் கிடந்தாலும் 100தான். லாஸ் பூஜ்ஜியம், ஆட்டம் குப்பை. விழப்போகும் நிலை ஒன்றை நெட்வொர்க்குக்குக் கொடுத்து விலை கேட்டுப் பாருங்கள். 2, 3 என்று வர வேண்டும். 90-க்கு மேல் வந்தால் இதுதான் காரணம்.

`terminated`, `truncated` என்று ஏன் இரண்டு?

முதலாவது, கம்பு விழுந்தது. இனி எதிர்காலம் இல்லை. இரண்டாவது, 500 படி ஆகிவிட்டது, நடுவர் விசில் ஊதிவிட்டார். கம்பு இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது. ஜிம்னேசியத்தின் முன்னோடியான பழைய ஜிம்மில் இரண்டையும் `done` என்று ஒன்றாகப் போட்டிருந்தார்கள். 2022-இல்தான் பிரித்தார்கள். இணையத்தில் கிடக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் பல இன்னும் `done` கணக்குதான்.

இரண்டையும் கலந்தால், நிமிர்ந்து நிற்கும் அதே கம்புக்கு 300-ஆவது படியில் 100 என்றும் 500-ஆவது படியில் 1 என்றும் டார்கெட் போகும். நான்கு எண்களில் நேரம் கிடையாது என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நெட்வொர்க்குக்கு வழியே இல்லை. நன்றாக ஆடத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பிக்கும் என்பது இதன் விஷமம்.

பாலிசி கிரேடியன்ட்டில் லாஸ் மேலும் கீழும் போகிறது, குறையவே இல்லையே?

அதைப் பார்க்காதீர்கள். அது பிழையின் அளவு இல்லை, சரிவின் திசையைப் பெறுவதற்காக எழுதிய ஒரு சூத்திரம் மட்டுமே. பார்க்க வேண்டியது என்ட்ரோபி, அதாவது செயலைத் தேர்வதில் ஆட்டக்காரருக்கு இன்னும் எவ்வளவு தயக்கம் இருக்கிறது என்ற அளவு. இரண்டு செயலுக்கும் சமவாய்ப்பு இருக்கும்போது அது ln 2, அதாவது 0.693. கற்கக் கற்க மெல்ல இறங்க வேண்டும். மதிப்பெண் 40-இல் நிற்கும்போதே என்ட்ரோபி 0.01 ஆகிவிட்டால், ஆட்டக்காரர் அரைகுறையாகக் கற்றதிலேயே உறுதியாகிவிட்டார். மாற்றுச் செயலை இனி செய்துபார்க்கவே மாட்டார், எனவே திருந்தவும் மாட்டார். கற்றல் வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள், அல்லது லாஸில் சிறு என்ட்ரோபி போனஸ் சேருங்கள்.

அப்படியானால் கார்ட்போலுக்கு எது நல்லது?

என் ஓட்டு பாலிசி கிரேடியன்ட்டுக்கு. இந்த ஆட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மிக எளிது: நான்கு எண்களையும் நான்கு எடைகளால் பெருக்கிக் கூட்டி, விடை நேர்மமா எதிர்மமா என்று பார்த்தாலே போதும். அந்த நான்கு எடைகளைக் குருட்டாம்போக்கில் தேடிக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் "இங்கிருந்து எவ்வளவு கிடைக்கும்" என்பது வளைவும் விளிம்பும் உள்ள ஒரு சிக்கலான மேற்பரப்பு. எளியதை ஆடுவதற்காகக் கடினமானதைக் கற்கச் சொல்கிறது கியூ-லேர்னிங். மதிப்பெண் வரைபடத்தில் டிகியூஎன் குரங்குபோல் தாவுவதற்கும் இதில் பங்கு உண்டு.

மவுன்டன்கார் ஆட்டத்தில் அதே பாலிசி கிரேடியன்ட் கோடு ஒன்றுமே கற்கவில்லை. அதே கோடுதானே?

கோடு அதேதான், பரிசு வேறு. `MountainCar-v0`-இல் குன்றின் உச்சியைத் தொடும்வரை ஒவ்வொரு படிக்கும் −1, 200 படியில் நிறுத்திவிடுவார்கள். பள்ளத்திலிருந்து முன்னும் பின்னும் ஊசலாடித்தான் மேலே ஏற முடியும். கண்மூடித்தனமாக ஆடினால் உச்சியை எட்டுவது நடக்காத காரியம். ஆக எல்லா ஆட்டமும் −200. ஒன்றைவிட மற்றொன்று நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. பேஸ்லைனைக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்ஜியம். கூட்டவும் குறைக்கவும் எதுவுமில்லை.

கியூ-லேர்னிங்குக்கு இங்கே ஒரு சின்ன அதிர்ஷ்டம். விலைகளைப் பூஜ்ஜியத்தில் தொடங்கினால், செய்துபார்த்த செயல்களின் விலை −1, −2 என்று இறங்கும். செய்யாதவை பூஜ்ஜியத்திலேயே இருந்து கவர்ச்சியாகத் தெரியும். அதனால் தானாகவே புதுப்புது இடங்களுக்குப் போய்ப் பார்க்கும். அட்டவணை வைத்துச் செய்தால் இது பளிச்சென்று வேலை செய்யும். நெட்வொர்க் வைத்தால் ஓர் இடத்தின் விலையை இறக்கும்போது பக்கத்து இடங்களும் சேர்ந்து இறங்கிவிடுவதால் பாதி பலன் போய்விடும். அதனால் டிகியூஎன்னும் இதில் தடுமாறுவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

வண்டியை எவ்வளவு விசையோடு தள்ளுவது என்பதையும் ஆட்டக்காரரே முடிவுசெய்ய வேண்டும் என்றால்?

எளிய டிகியூஎன் அங்கேயே நின்றுவிடும். இடம், வலம் என்று இரண்டு விலையை ஒப்பிட்டுப் பெரியதை எடுக்கலாம். −10-இலிருந்து +10 வரை உள்ள எல்லா விசைக்கும் விலை போட்டுப் பெரியதைத் தேட முடியாது. விசையை ஐந்தாறு துண்டுகளாக வெட்டிச் சமாளிக்கலாம், ஒரு கீலுக்கு அது போதும். ஏழு கீல் உள்ள ரோபோக் கைக்கு, கீலுக்கு ஐந்து துண்டு என்றாலே 78,125 செயல்கள் ஆகிவிடும். பாலிசி கிரேடியன்ட்டில் `Categorical` இருந்த இடத்தில் `Normal` போட்டு, சராசரியையும் பரவலையும் நெட்வொர்க்கே சொல்லும்படி மாற்றினால் மீதிக் கோடு ஏறக்குறைய அப்படியே ஓடும். `log_prob` ஒவ்வொரு கீலுக்கும் தனித்தனியாக வரும், அவற்றைக் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.